ஒரிஜினல் பில் இல்லாமல் சரக்கை விடுவிக்க எல்.ஓ.ஐ.: சிறு ஏற்றுமதியாளர் கேட்கும் கேள்விகள்

சரக்கு துறைமுகத்துக்குப் போய்விட்டது, பேப்பர் போகவில்லை. வாங்குபவர் “ஒரு எல்.ஓ.ஐ. கொடுங்கள், எடுத்துவிடுகிறேன்” என்கிறார். அது என்ன கடிதம்?

கப்பல் நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் இழப்பீட்டு உறுதிக் கடிதம். அதன் சாரம் இவ்வளவுதான்: “ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங்கை வாங்காமலே இந்தச் சரக்கை இன்னாரிடம் கொடுத்துவிடுங்கள். அதனால் உங்களுக்கு எந்த நட்டம் வந்தாலும் நான் கட்டுகிறேன்.”

பில் ஆஃப் லேடிங் என்பது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது. சரக்கைக் கேட்டு வாங்கும் உரிமைப் பத்திரமும் அதுதான். எல்.ஓ.ஐ. காப்பது கப்பல் நிறுவனத்தை. உங்களையும் காக்காது, வாங்குபவரையும் காக்காது. பல சிறு ஏற்றுமதியாளர்கள் இதை ஒரு அனுமதிக் கடிதம் என்று நினைத்து லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் அது தொகை எழுதாத காசோலை. கேட்கப்படும் நாளில்தான் தொகை தெரியும்.

சரக்கு என்னுடையது. நானே கொடுக்கச் சொல்லும்போது கப்பல் நிறுவனம் ஏன் தயங்குகிறது?

கப்பலில் ஏற்றி, பில் கையெழுத்தாகி உங்களிடம் வந்த பிறகு, “என்னுடையது” என்று நீங்கள் சொல்வது மட்டும் அவர்களுக்குப் போதாது. வழக்கமாக மூன்று ஒரிஜினல் பில் தருவார்கள். மூன்றில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு, பில்லின்படி உரிமை உள்ளவராக அவர் இருந்தால், சரக்கு போகும். ஒன்று பயன்பட்டதும் மற்ற இரண்டும் செல்லாது. “டு ஆர்டர்” என்று எழுதிய பில்லாக இருந்தால் பின்பக்கம் கையெழுத்திட்டு இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். நீங்கள் அதை வங்கியில் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கலாம். வாங்குபவர் வேறொருவருக்கு விற்றிருக்கலாம். கப்பல் நிறுவனத்துக்கு இது எதுவும் தெரியாது.

அதனால் சட்டம் அவர்கள் மேல் கடுமையாக நிற்கிறது. பில் இல்லாமல் சரக்கைக் கொடுத்து, நாளை பில்லோடு ஒருவர் வந்து நின்றால், கப்பல் நிறுவனம் சரக்கின் மதிப்பை அவருக்குக் கட்ட வேண்டும். போலி பில்லை நம்பி நல்லெண்ணத்தோடு கொடுத்திருந்தாலும் விலக்கு இல்லை என்று 2000-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பல் உரிமையாளர்களின் பொறுப்புக் காப்பீட்டை நடத்தும் பி அண்ட் ஐ கிளப்புகள், பில் இல்லாமல் கொடுத்த சரக்குக்கான இழப்பை வழக்கமான காப்பில் சேர்ப்பதில்லை. காப்பீடு இல்லாத ஓர் ஆபத்தை எடுக்கச் சொல்கிறீர்கள். அந்த இடத்தில் உங்கள் கடிதம் வந்து உட்கார வேண்டும் என்று அவர்கள் கேட்பது அதனால்தான்.

கையெழுத்துப் போட்டால் நான் எதற்கெல்லாம் பொறுப்பு?

பெரும்பாலான படிவங்களின் மூலம், பி அண்ட் ஐ கிளப்புகளின் சர்வதேசக் குழு வெளியிட்டிருக்கும் மாதிரி வாசகம்தான். அதில் ஃபார்ம் ஏ என்பது பில் இல்லாமல் விடுவிப்பதற்கு. ஃபார்ம் பி என்பது பில்லில் உள்ள துறைமுகத்தை விட்டு வேறு துறைமுகத்தில் கொடுப்பதற்கு. ஃபார்ம் சி இரண்டும் சேர்ந்தது. கன்டெய்னர் லைன்கள் தங்கள் சொந்தப் படிவத்தைத் தருவார்கள். வாசகம் கொஞ்சம் மாறும், எலும்புக்கூடு மாறாது.

முதல் பத்தி, நீங்கள் சொன்னபடி சரக்கைக் கொடுத்ததால் வரும் எந்த வகை இழப்பையும் செலவையும் நீங்கள் ஏற்கிறீர்கள் என்று சொல்லும். இதில் தொகை உச்சவரம்பு இருக்காது. சரக்கின் விலையோடு நிற்கும் என்று எங்கேயும் எழுதியிருக்காது.

இரண்டாவது பத்தி, வழக்கு வந்தால் அதை நடத்தும் பணத்தைக் கேட்ட உடனே கொடுப்பதாகச் சொல்லும். கவனியுங்கள், தோற்ற பிறகு அல்ல. வழக்கு தொடங்கும்போதே.

மூன்றாவதுதான் சிறு நிறுவனத்துக்குப் பெரிய பயம். உங்கள் சரக்குக்காகக் கப்பலையோ, அதே உரிமையாளரின் இன்னொரு கப்பலையோ யாராவது நீதிமன்றம் மூலம் தடுத்து நிறுத்தினால், அதை விடுவிக்கத் தேவையான பிணையை நீங்கள் தர வேண்டும். ஒரு கப்பல் ஒரு நாள் நின்றால் ஆகும் நட்டம், உங்கள் கன்டெய்னரோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. ஒற்றைக் கன்டெய்னருக்காகக் கப்பலைப் பிடிப்பது அடிக்கடி நடக்காது என்பது உண்மை. ஆனால் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான்.

அப்புறம், ஒரிஜினல் பில்கள் உங்கள் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். உங்கள் பொறுப்பு முடியும் இடம் அதுதான். கடைசியில், கையெழுத்திட்டவர்கள் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் தனித்தனியே பொறுப்பு என்றும், வாங்குபவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை என்றும் இருக்கும். கிளப் வாசகத்தில் ஆங்கிலச் சட்டமும் லண்டன் உயர் நீதிமன்றமும் என்று எழுதியிருக்கும். அங்கே வக்கீல் வைத்துப் பதில் சொல்லும் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் சரக்கு 40,000 டாலர்தான். காத்திருந்தால், இலவச நாள் தாண்டியதற்கான தண்டமான டெமரேஜ் ஏறுகிறது. எது மலிவு?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பு 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 12,000 முன்பணம் வந்துவிட்டது. மீதி 28,000-ஐ வாங்குபவர் தன் வங்கியில் கட்டிவிட்டு ஆவணங்களை எடுக்க வேண்டும். பில் உங்கள் வங்கியின் ஆர்டருக்கு எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் வங்கி அந்த 28,000-ஐ உங்களுக்கு முன்கூட்டியே கொடுத்தும்விட்டது.

கப்பல் ஆறாம் நாள் போய்ச் சேர்கிறது. ஏழு நாள் இலவசம், பதின்மூன்றாம் நாளோடு முடிகிறது. ஆவணங்கள் பதினாறாம் நாள் வாங்குபவரின் வங்கிக்கு வருகின்றன. அவர் பணம் கட்டி, பில்லைக் காட்டிப் பெட்டியை வெளியே எடுக்கும்போது பதினெட்டாம் நாள். ஐந்து நாள் தண்டம். நாளுக்கு 120 டாலர் என்றால் 600 டாலர். துறைமுகத்தின் தேக்க வாடகை தனியாக வந்தாலும் ஆயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

இப்போது அந்த 600 டாலரை மிச்சம் பிடிக்க எட்டாம் நாளே எல்.ஓ.ஐ. கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் சரக்கை எடுத்துவிட்டார். பதினாறாம் நாள் ஆவணங்கள் அவர் வங்கிக்கு வருகின்றன. சரக்கு கையில் இருக்கிறவருக்கு அந்தப் பேப்பரை 28,000 கட்டி எடுக்க என்ன அவசரம்? நல்லவர் கட்டுவார். விற்றது போகவில்லை என்றால் தள்ளிப்போடுவார். தரம் சரியில்லை என்று விலை குறைக்கச் சொல்வார். இரண்டு மாதம் கழித்து ஆவணங்கள் கட்டப்படாமல் உங்கள் வங்கிக்குத் திரும்பி வருகின்றன.

உங்கள் வங்கி இப்போது இரண்டு வழியில் போகலாம். உங்களிடமிருந்து 28,000-ஐ வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். அல்லது பில்லைக் கையில் வைத்திருப்பவர் என்ற முறையில் கப்பல் நிறுவனத்திடம் “சரக்கு எங்கே?” என்று கேட்கலாம். கப்பல் நிறுவனம் அதைக் கட்டிவிட்டு, வக்கீல் செலவையும் சேர்த்து, எல்.ஓ.ஐ.யை நீட்டி உங்களிடம் வரும். எந்த வழியில் போனாலும் கடைசி வீடு உங்களுடையது.

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். எல்.ஓ.ஐ. இல்லாமல் கப்பல் நிறுவனம் தானாகச் சரக்கைக் கொடுத்திருந்தால், நீங்கள் அவர்கள் மேல் வழக்குப் போட்டிருக்கலாம். கொடுக்கச் சொன்னதே நீங்கள் என்றால் அந்த வழியும் அடைந்துவிடுகிறது. வாங்குபவரிடம் பணம் பெற உங்களுக்கு இருந்த பிடி பில். கப்பல் நிறுவனத்தின் மேல் இருந்த பிடியும் அதே பில். ஒரு கையெழுத்தில் இரண்டும் போகின்றன. என் கருத்தில் சிறு ஏற்றுமதியாளர் டெமரேஜைக் கட்டிவிடுவதுதான் பெரும்பாலும் மலிவு. அந்த 600 டாலரில் பாதியை நீங்களே ஏற்பதாகச் சொன்னால் வாங்குபவரும் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்.

மூன்று ஒரிஜினலும் என் மேசையில்தான் இருக்கின்றன. அப்போதும் எல்.ஓ.ஐ. வேண்டுமா?

வேண்டாம். நிறையப் பேர் தெரியாமல் எல்.ஓ.ஐ. கொடுத்துவிடுவது இங்கேதான். மூன்றையும் பின்பக்கம் கையெழுத்திட்டு, ஏற்றிய துறைமுகத்திலுள்ள கப்பல் நிறுவன அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். சரண்டர் அல்லது டெலெக்ஸ் ரிலீஸ் என்பார்கள். அவர்கள் இறக்கும் துறைமுகத்து அலுவலகத்துக்கு “ஒரிஜினல்கள் எங்களிடம் வந்துவிட்டன, சரக்கை இன்னாரிடம் கொடுக்கலாம்” என்று செய்தி அனுப்புவார்கள். சிறு கட்டணம் இருக்கும். மூன்று ஒரிஜினலும் திரும்பி வந்துவிட்டதால் வேறு யாரும் பில்லோடு வந்து நிற்க முடியாது. ஆகவே இழப்பீட்டு உறுதிக்கும் தேவையில்லை.

சில அலுவலகங்களில் சரண்டர் செய்யும்போதும் ஒரு வேண்டுகோள் கடிதம் கேட்பார்கள். அது சாதாரணம். ஆனால் அதில் “இழப்பு”, “பிணை”, “வழக்குச் செலவு” என்ற சொற்கள் இருந்தால் நிறுத்திப் படியுங்கள். வெறும் ரிலீஸ் கோரிக்கைதானா, உறுதிக் கடிதமா என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும். சரண்டர் செய்ததும் சரக்கு உங்கள் கையை விட்டுப் போய்விடும். மீதிப் பணம் வங்கியில் வரவு ஆன பிறகே ஒப்படையுங்கள். பணம் அனுப்பிய ரசீதின் படம் வரவு அல்ல.

ஆவணங்களை வங்கிக்கு அனுப்பிவிட்டேன். இப்போது?

எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. உங்கள் வங்கியிலேயே இன்னும் இருந்தால், அதன் மேல் வங்கி பணம் எதுவும் தராமல் இருந்தால், திருப்பி வாங்கி சரண்டர் செய்யலாம். வங்கி பணம் கொடுத்திருந்தால் அதன் சம்மதம் இல்லாமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதன் பிணையை அதற்குத் தெரியாமல் கொடுத்துவிட்டதாகிவிடும்.

வழியில் இருந்தால் காத்திருப்பதுதான் முறை. வாங்குபவருக்கு உண்மையிலேயே அவசரம் என்றால், அதற்கான பொறுப்பை ஏற்க வேண்டியவர் அவர்தான். அவர் தன் வங்கியிடம் போய் ஷிப்பிங் கேரண்டி என்று கேட்கலாம். வாங்குபவரின் வங்கியே கப்பல் நிறுவனத்துக்கு உறுதி கொடுக்கும் ஏற்பாடு அது. வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. வழி வியாபாரத்தில் இது வழக்கமானது. அதில் உங்களுக்கும் நன்மை உண்டு. கேரண்டி கொடுக்கும் வங்கி, பின்னால் வரும் ஆவணங்களில் எழுத்துப்பிழை, தேதிப்பிழை என்று குறை இருந்தாலும் ஏற்றுக்கொள்வதாக வாங்குபவரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளும். “ஏன் உங்கள் வங்கியைக் கேட்கக் கூடாது?” என்று நீங்கள் கேட்டதும் வாங்குபவர் பேச்சை மாற்றினால், அவர் வங்கி அவரை எந்த அளவுக்கு நம்புகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கூரியர் தொலைத்துவிட்டது. ஒரிஜினல் எங்கே என்றே தெரியவில்லை.

எல்.ஓ.ஐ. தவிர்க்க முடியாத நிலை இது ஒன்றுதான். ஆனால் முதலில் “தொலைந்தது” என்பதை உறுதி செய்யுங்கள். கூரியர் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். போலீசில் புகார் பதிந்து நகல் வாங்குங்கள். மூன்றும் ஒரே உறையில் போனதா என்று பாருங்கள். இரண்டு தொலைந்து ஒன்று உங்கள் கையில் இருந்தால், கதையே வேறு. அந்த ஒன்றைக் கொண்டே சரக்கை எடுக்கலாம்.

அதன் பிறகு கப்பல் நிறுவனத்திடம் போனால் பெரும்பாலும் வங்கி கையெழுத்திட்ட உறுதிதான் கேட்பார்கள். சரக்கு மதிப்பில் 100 முதல் 200 சதவீதம் வரை கேட்பதைக் காணலாம். 200 என்றால் உங்கள் 40,000 டாலர் சரக்குக்கு 80,000 டாலர். வங்கி அதைச் சும்மா தராது. உங்கள் கடன் வரம்பில் அந்தத் தொகையை முடக்கும், அல்லது வைப்புத்தொகை கேட்கும், வருடா வருடம் கட்டணமும் எடுக்கும். ஆகவே “எவ்வளவு?” என்பதைவிட “எத்தனை வருடம்?” என்ற கேள்வியைக் கடுமையாகப் பேசுங்கள். கிளப் வாசகத்தில் வங்கிப் பொறுப்பு ஆறு வருடம், கேட்டால் இரண்டிரண்டு வருடமாக நீளும் என்று இருக்கிறது. கன்டெய்னர் லைன்கள் சில இதைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிப்பது உண்டு. கேட்டால்தான் குறையும்.

பில் “டு ஆர்டர்” ஆகவும் பின்பக்கம் பெயர் எழுதாமல் வெறுமனே கையெழுத்திட்டதாகவும் இருந்து தொலைந்திருந்தால், அது யார் கையில் கிடைத்தாலும் ஆபத்து. ஒரு குறிப்பிட்ட பெயருக்கு மட்டும் எழுதிய பில் என்றால் ஆபத்து குறைவு. பேரம் பேசும்போது இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

வாங்குபவரே எல்.ஓ.ஐ. கொடுத்து எனக்குத் தெரியாமல் சரக்கை எடுத்துவிட்டால்?

நடக்கிறது. ஆனால் அங்கே சட்டம் உங்கள் பக்கம். 1959-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இன்றும் இதற்கு அடிப்படை. இங்கிலாந்தின் ராம்ப்லர் சைக்கிள் கம்பெனி, சைக்கிள் பாகங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. பணம் கட்டினால்தான் பில் கிடைக்கும் என்பது ஏற்பாடு. வாங்கியவர் பணம் கட்டவில்லை. பில்லும் அவர் கையில் இல்லை. ஸே ஹாய் டோங் வங்கி என்ற வங்கியின் உறுதிக் கடிதத்தைக் காட்டிக் கப்பல் ஏஜென்டிடமிருந்து சரக்கை எடுத்துக்கொண்டார். விற்றவர் வழக்குப் போட்டார். “சரக்கு இறங்கியதும் எங்கள் பொறுப்பு முடிந்தது” என்று பில்லின் பின்பக்க நிபந்தனையைக் கப்பல் தரப்பு காட்டியது. பில் இல்லாமல் கொடுப்பதற்கு அந்த நிபந்தனை மறைப்பாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுமை கடைசியில் யார் தலையில் விழுந்தது? உறுதிக் கடிதம் கொடுத்த வங்கியின் தலையில். மேல்முறையீட்டுக்குப் போனதும் அந்த வங்கிதான். எல்.ஓ.ஐ. கொடுப்பவரின் இடம் எது என்று இந்த வழக்கைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

உங்கள் கையில் பில் இருந்து, கன்டெய்னர் காலியாகத் திரும்பியதாக டிராக்கிங் காட்டினால், அன்றே கப்பல் நிறுவனத்துக்கு எழுதுங்கள். “ஒரிஜினல்கள் எங்களிடம் இருக்கின்றன, சரக்கு எங்கே?” என்று இரண்டு வரி போதும். காலம் முக்கியம். கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் பில்களில் வழக்குக்கு ஓராண்டுதான். பில் இல்லாமல் கொடுத்த சரக்குக்கும் அந்த ஓராண்டு பொருந்தும் என்று 2023-ல் இங்கிலாந்தில் தீர்ப்பு வந்திருக்கிறது. சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் இடைநிலை நிறுவனமான ஃபார்வர்டர் தரும் பில் சிலவற்றில் ஒன்பது மாதம் என்றே இருக்கும். வாங்குபவரோடு சமாதானம் பேசிப் பேசியே இந்தக் காலத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

எனக்கு பில் கொடுத்தது ஃபார்வர்டர். கடிதம் யாருக்கு எழுத வேண்டும்?

அங்கே இரண்டு பில் இருக்கும். ஃபார்வர்டர் உங்களுக்குக் கொடுத்தது ஹவுஸ் பில். கப்பல் நிறுவனம் ஃபார்வர்டருக்குக் கொடுத்தது மாஸ்டர் பில். உங்கள் பேப்பர் தொலைந்தால் ஃபார்வர்டரிடம்தான் பேச வேண்டும். மாஸ்டர் பில் அவரிடம் பத்திரமாக இருந்தால், கப்பல் நிறுவனத்துக்கு எந்தக் கடிதமும் தேவையில்லை. இரண்டு இடத்துக்கும் எல்.ஓ.ஐ. கேட்டால், மாஸ்டர் பில் எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அவர் தொலைத்த பேப்பருக்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பணம். மீதித் தொகை முழுவதும் வரவான பிறகே கடிதம் போகட்டும். பணம் வந்துவிட்டால், சரக்கை எடுத்தும் வாங்குபவர் கட்டவில்லை என்ற ஆபத்து போய்விடுகிறது. தொலைந்த பில் வேறு யார் கையிலாவது வரும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

அடுத்து வாங்குபவரிடம் எதிர் உறுதி வாங்குங்கள். நீங்கள் கப்பல் நிறுவனத்துக்குக் கொடுக்கும் அதே வாசகத்தை அவர் உங்களுக்குக் கொடுக்கட்டும். அவர் கையில் காசு இல்லாவிட்டால் இது வெறும் பேப்பர்தான். ஆனாலும் இல்லாததற்கு இது மேல்.

கடிதத்தில் பெறுபவரின் பெயர் துல்லியமாக இருக்கட்டும். பதிவுப்பெயர், முகவரி, பில்லில் உள்ளபடி. “வாங்குபவரின் ஏஜென்டிடம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். 2008-ல் ப்ரெமென் மேக்ஸ் என்ற கப்பல் வழக்கில், கடிதத்தில் பெயர் சொன்ன ஆளிடம் உண்மையில் கொடுத்தால்தான் உறுதி கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு 2010-ல் கிளப்புகள் வாசகத்தை மாற்றின. “இன்னார், அல்லது இன்னாரென்றோ அவர் சார்பில் வருபவரென்றோ நீங்கள் நம்பும் நபர்” என்று சேர்த்தார்கள். அதாவது தவறான ஆள் எடுத்துப்போனாலும் கப்பல் நிறுவனம் அவரைச் சரியான ஆள் என்று நம்பியிருந்தால் சுமை உங்களுக்கு. அந்த வரியை நீக்கக் கேட்டுப் பாருங்கள். பெரிய லைன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால், டெலிவரி ஆர்டர் வாங்க வரும் ஆளின் பெயர், அடையாள விவரத்தை நீங்களே வாங்குபவரிடம் கேட்டு ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதோடு, கடிதத்தில் பில் எண், கன்டெய்னர் எண், கப்பல் பெயர் மூன்றையும் எழுதி, அந்த ஒரு சரக்குக்கு மட்டும் என்று காட்டுங்கள். “இனி வரும் எல்லாச் சரக்குகளுக்கும்” என்ற நிரந்தர எல்.ஓ.ஐ. கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும். ஒரிஜினல் மூன்றும் வந்ததும் கப்பல் நிறுவனத்திடம் கொடுங்கள், உங்கள் எல்.ஓ.ஐ.யை ரத்து முத்திரையோடு கேளுங்கள். வங்கி கையெழுத்திட்டதாக இருந்தால், “பொறுப்பு தீர்ந்தது” என்று கப்பல் நிறுவனம் வங்கிக்கு எழுதும் கடிதமும் வேண்டும். அது இல்லாமல் உங்கள் கடன் வரம்பு திறக்காது. தாமதமாக வந்த பேப்பரை “இனி எதற்கு?” என்று கோப்பில் போட்டுவிடுகிறார்கள். கடிதம் பல வருடம் உயிரோடு இருக்கும். மூன்றில் இரண்டுதான் வந்தது என்றால் பொறுப்பு முடியாது. எல்லா ஒரிஜினலும் என்பதே வாசகம்.

அடுத்த ஏற்றுமதியில் இந்த நிலை வராமல் என்ன செய்யலாம்?

பயணம் குறுகியதென்றால், பத்து நாளுக்குள் சரக்கு சேர்ந்துவிடும் என்றால், ஒரிஜினல் பில்லே எடுக்காதீர்கள். முழுப் பணமும் முன்னரே வந்திருந்தால் சீ வேபில் போதும். அதற்கு ஒரிஜினலைக் காட்ட வேண்டியதில்லை. பெறுபவர் என்று அதில் பெயர் எழுதப்பட்ட கன்சைனி தன் அடையாளத்தைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். பணம் பாக்கி இருந்தால் பில் எடுத்து உங்கள் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு, பணம் வந்ததும் சரண்டர் செய்வது எளிது. வங்கி வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால், கப்பல் கிளம்பிய அன்றே ஆவணங்கள் தயாராக இருக்கும்படி பில் வரைவை முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். தாமதத்தில் பாதி, வரைவில் கன்சைனி பெயரையும் எடையையும் திருத்தித் திருத்தி அனுப்புவதில்தான் போகிறது. அதோடு, புக்கிங் போடும்போதே இறக்கும் துறைமுகத்தில் இலவச நாட்களைக் கூட்டிக் கேளுங்கள். ஏழுக்குப் பதில் பதினான்கு கிடைத்திருந்தால், மேலே சொன்ன கணக்கில் அந்த 600 டாலரும் இல்லை, எல்.ஓ.ஐ. பேச்சும் இல்லை.

மின்னணு பில் இருக்கிறதா என்றும் லைனிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் 2023-ல் வந்த சட்டம் மின்னணு பில்லுக்குக் காகிதத்துக்குச் சமமான தகுதி கொடுத்தது. வாங்குபவரின் நாட்டிலும் இரண்டு வங்கிகளிலும் அது ஏற்கப்படுகிறதா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்த பிறகே அதில் இறங்குங்கள். ஒரு முனையில் காகிதம் வேண்டும் என்று சொன்னால் மீண்டும் பிரிண்ட் எடுத்துக் கூரியரில்தான் போக வேண்டியிருக்கும்.